தேரூர்க் குளத்துக் கொக்குகள்

முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகாமல் போனால்கூடச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஆள். கொட்டாரத்தில் பலர் எனக்குப் பத்திரிகை வைக்காததற்கு அதுதான் காரணம் என்பது என் மனைவியின் ஆராய்ச்சி முடிவு.

மகன் வளைகுடாவிலிருந்து வந்தபோது ஒரு ஜூம் கேமரா கொண்டுவந்தான். போன ஜனவரியில் அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் தேரூர்க் குளத்துக்குப் போனேன். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியவை. கவிமணி பிறந்த ஊர் வேறு. தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்த ஓரத்தில், தாமரை இலைகளுக்கு நடுவே, பறவைகள் ஒரு சந்தையையே கூட்டியிருந்தன. எடுத்த படங்களில் ஒன்று அப்படி அமைந்துவிட்டது. பெரிதாக அச்சுப்போட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, ஸ்டிக்கர் கடையில் தங்க நிற எழுத்து வெட்டிக் கண்ணாடிமேல் ஒட்டினேன்: ‘தேரூர்க் குளத்துக் கொக்குகள்’. ‘குளத்துக்’ என்பதில் வல்லினம் மிகும் என்று கடைக்காரப் பையனுக்குப் பத்து நிமிஷம் பாடமும் எடுத்தேன்.

மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. படம் மாட்டிய அன்று என் முன்னறைக்கு அந்தப் பெயர் பொருந்தியது. பொங்கலுக்கு மறுநாள் மனைவியின் தம்பி வரும்வரை பொருந்தியது.

மாப்பிள்ளை விலங்கியல் வாத்தியார். படத்தின் முன்னால் நின்று, காப்பியைப் பாதி குடித்தபடி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“அத்தான், படம் கொள்ளாம். ஆனா இதுல ஒத்தக் கொக்குகூட இல்லியே.”

“பதினோரு பறவை நிக்கி. ஒண்ணுகூடக் கொக்கு இல்லையா?”

“நிறத்தைப் பாக்காதீங்க. வெள்ளையா இருக்கதெல்லாம் கொக்குன்னா நம்ம வீட்டு வேட்டியும் கொக்குதான். மூக்கைப் பாருங்க.”

இடது ஓரத்தில் மூன்று வெள்ளைப் பறவைகள். இரண்டின் அலகு நன்றாகத் தெரிந்தது. அடியிலிருந்தே கீழ்நோக்கி வளைந்து மெலிந்த அலகு, நம்ம ஊர் அறுப்புக் கருக்கருவாள் மாதிரி. அரிவாள் மூக்கன். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி, புழுவையும் பூச்சியையும் தொட்டறிந்தே எடுக்கும். மூன்றாவது, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகி உறங்கிக்கொண்டிருந்தது. “இதுக்கு மூக்கே காணல்லியே, இப்ப என்ன சொல்லுவீரு?” என்றேன். மாப்பிள்ளை அசரவில்லை. இறகில்லாமல் மொட்டையாகக் கிடந்த கறுத்த கழுத்தைக் காட்டினார். கொக்குக்கு அப்படிக் கழுத்து மொட்டையாக இராது. மூக்கு மறைந்தால் அடுத்த சாட்சியைக் கூப்பிட வேண்டுமாம்.

நடுவில் மஞ்சள் அலகுப் பறவை ஒன்று, முழங்கால் தண்ணீரில் நின்றது. அலகு பருத்து நீண்டு, நுனியில் மட்டும் லேசாகக் கீழே சாய்ந்திருந்தது. அரிவாள் மூக்கனுக்கு வளைவு முழு நீளத்துக்கும் ஓடும். இதற்குக் கடைசியில்தான் வளைவு. மஞ்சள் மூக்கு நாரை. சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு கட்டும் அதே நாரை. கலங்கல் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நடக்கும். மீன் வந்து உள்ளே இடித்ததும் அலகு மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்கச் சொந்தக்கார நாரையை அளந்து பார்த்தவர்கள், அலகு மூட ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகிறது என்று கண்டிருக்கிறார்கள். நாம் கண்ணிமைக்கவே அதைப்போல நாலு மடங்காவது ஆகும்.

நாரை என்றதும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்ட பாட்டை வருஷா வருஷம் நடத்தியவன் நான். குமரியில் நீராடிவிட்டு வடக்கே போகும் நாரை அது. அதாவது, எங்கள் ஊர் வழியாகப் போன நாரை. வகுப்பில் பையன்கள் “நாரைன்னா எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டால், “கொக்கு மாதிரி இருக்கும்டே” என்று சொல்லி அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். செம்பவள அலகு, சிவந்த கால் என்று புலவர் விவரம் சொல்லியிருக்க, முப்பத்தோரு வருஷப் பையன்களையும் நான் கொக்கிலேயே நிறுத்திவிட்டேன்.

அந்த நாரைக்குப் பின்னால் சாம்பல் வெள்ளையில் இன்னொன்று. அலகின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் அடியிலும் நுனியிலும் சேர்ந்து, நடுவில் விலகி, இடைவெளி வழியாகத் தாமரை இலை தெரிந்தது. நத்தைகுத்தி நாரை. “பாக்குவெட்டி மாதிரி நத்தையை நொறுக்குமோ?” என்று என் மனைவி கேட்டாள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது தின்று போட்ட இடத்தில் நத்தை ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். அலகின் கூர்நுனியை ஓட்டு வாய்க்குள் விட்டு, சதை ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, முழுசாக உருவி எடுத்துவிடுமாம்.

பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு பழுப்புப் பறவை. இதன் அலகில் இடைவெளி இல்லை. மாப்பிள்ளை முதன்முதலாகத் தடுமாறியது இங்கேதான். நத்தைகுத்திக் குஞ்சு பிறக்கும்போது அலகு சாதாரணமாக மூடித்தான் இருக்கும். வளர வளரத்தான் நடுவில் விலகும். “இளசா இருக்கும்னு நினைக்கேன். தனியா நின்னுருந்தா அடிச்சுச் சொல்லமாட்டேன். அம்மைகூட நிக்கதுனால சொல்லுகேன்” என்றார். அம்மை என்பதற்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்கவில்லை. தடுமாறிய மனிதரை மேலும் தள்ளுவது முறையல்ல. தவிர, அடுத்த பறவையில் அவரை மொத்தமாக வீழ்த்தலாம் என்று காத்திருந்தேன்.

அடுத்ததுதான் என் துருப்புச் சீட்டு. தூய வெள்ளை உடம்பு. அலகு நீளமாக, நேராக, மெல்லியதாக இருந்தது. அரிவாளும் இல்லை, பாக்குவெட்டியும் இல்லை.

“இதாவது கொக்குன்னு ஒத்துக்கிடுவீரா?”

“இதே இடத்துல அடுத்தாப்ல எடுத்த படம் கிடக்கா?”

கேமராவில் கிடந்தது. இரண்டு விநாடி தள்ளி எடுத்த படம். அதில் அந்தப் பறவை எங்களைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருந்தது. நேர்க்கோடாக இருந்த அலகின் நுனி, அகப்பை மாதிரி அகன்று தட்டையாக விரிந்து நின்றது. கரண்டிவாயன்! என் மனைவி அடுக்களையிலிருந்து தோசைக் கரண்டியை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். விளிம்பு என்னைப் பார்க்கும்படி பிடித்தால் வெறும் கம்பி, திருப்பினால் கரண்டி. படத்தில் பக்கவாட்டில் நின்றால் கரண்டிவாயன் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். ஆனால் மற்ற அடையாளங்கள் முதல் படத்திலேயே இருந்தன: கறுத்த அலகில் நுனி மட்டும் மஞ்சள், அலகைச் சற்றே திறந்து தண்ணீருக்குள் வைத்து, அரிவாள் வீசுவதுபோல இடமும் வலமும் வீசியதில் தலை கொஞ்சம் கலங்கிப் பதிவாகியிருந்தது. கொக்கு அப்படி வீசாது. அசையாமல் நின்று ஒரே குத்து. உருவம் இவ்வளவு வேறாக இருந்தாலும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் ஒரே குடும்பமாம். எங்கள் சொந்தக்காரர்களை நினைத்துப் பார்த்தேன். நம்பலாம் என்று பட்டது.

மிச்சம் இருந்தவற்றில் மூன்று சிறகை விரித்து நின்றன. “சிறகை விரிச்சுக் காயவச்சா நீர்க்காகம். இது எனக்கும் தெரியும்” என்றேன். மூன்றில் ஒன்றுதான் நீர்க்காகம் என்றார்.

பட்ட மரக்கொம்பில் இரண்டு கறுப்புப் பறவைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் அலகு குட்டை. நுனி முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிபோலக் கீழே கொக்கி போட்டிருந்தது. நீர்க்காகம். முங்கிப் போய் மீனைக் கவ்வும்போது வழுக்காமல் பிடிக்கத்தான் கொக்கி. மற்றதன் அலகு கோணி ஊசி. வளைவும் இல்லை, கொக்கியும் இல்லை. கழுத்து மெலிந்து நீண்டு நடுவில் ஒரு முறிப்பு. வால் விசிறிபோல நீளம். பாம்புத்தாரா. கழுத்து முறிப்பைச் சடாரென்று நிமிர்த்தி மீனைக் குத்தி, மேலே வந்து, தூக்கிப்போட்டுத் தலைமாட்டிலிருந்து விழுங்கும்.

சிறகு விரிப்பதிலும் இரண்டுக்கும் கணக்கு வேறு. நீர்க்காகத்தின் இறகுக்கு ஓரம்தான் நனையும்; உள்பாகம் காற்றைப் பிடித்து வைத்து உடம்பை நனையாமல் காக்கும். சிறகைக் காயவைத்தால் வேலை முடிந்தது. பாம்புத்தாராவுக்கோ தோல்வரை நனைந்துவிடும். அதனால் அலட்டாமல் முங்கலாம். ஆனால் உடம்பு வெடவெடத்துப் போகும். முதுகை வெயிலுக்குக் காட்டி நிற்பது துணி காயப்போட மட்டுமல்ல, குளிர் காயவும்தான். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பாறையில் உட்காரும் என் மச்சானின் நிலைமை.

மூன்றாவதாகக் கரையில் சிறகு விரித்து நின்றது இன்னொரு மஞ்சள் மூக்கு நாரை. அதுவும் வெயில் காயும். ஆனால் கைகளை இரு பக்கமும் நீட்டிய மாதிரி இல்லை. சிறகுகளைப் பாதி மடித்து முன்னால் தொங்கவிட்டு, சால்வையைக் கழற்ற மனமில்லாத தலைவர்போல நின்றது. சிறகு விரித்ததெல்லாம் நீர்க்காகம் இல்லை. எப்படி விரித்தது என்று பார்த்த பிறகும் ஒருதரம் மூக்கைப் பார்த்துவிட வேண்டும்.

பதினொன்றாவதைப் படம் மாட்டிய நாளிலிருந்தே என் மனைவி “பாம்பு” என்று சொல்லிவந்தாள். தண்ணீருக்கு மேலே வளைந்த ஒரு கழுத்து மட்டும். உடம்பு தெரியாது. அதுவும் பாம்புத்தாராதான், நீந்துகிற கோலத்தில். பேர் வைத்தவனுக்கும் தனக்கும் ஒரே கண் என்று அவளுக்கு ஒரே பெருமை.

நான் கடைசி முயற்சியாக, எல்லாம் எழும்பிப் பறந்தபோது எடுத்த படத்தைக் காட்டினேன். அது இன்னும் மோசம். பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தப் படத்தில் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் ரேஷன் கடை வரிசையில் எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போயின.

பிளேடை எடுத்தேன். எழுத்து முழுவதையும் சுரண்டிவிடுவது என்று முடிவு.

“அத்தான், ஒரு நிமிஷம்.” மாப்பிள்ளை கண்ணாடியோடு மூக்கை ஒட்டி நின்றார். தாமரை இலைகளுக்கு நடுவே, காய்ந்த தண்டு என்று நான் நினைத்திருந்த இடத்தில், மண் நிறத்தில் கோடுகோடாக ஒரு மார்பு. தோளுக்குள் இறங்கிய கழுத்து. மஞ்சள் படிந்த நேரான கத்தி அலகு. கரண்டியா என்று சந்தேகப்பட இடமில்லை, அசைவே இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடையான். ஊரில் குருட்டுக் கொக்கு என்போம். உட்கார்ந்திருக்கும்வரை மண், பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும்.

“கொக்கா?” என்றேன்.

“கொக்குதான்.”

‘தேரூர்க் குளத்துக் கொக்கு’வரை விட்டுவிட்டு, ‘கள்’ளை மட்டும் பிளேடால் சுரண்டினேன். ஒருமை, பன்மை மயங்கக்கூடாது. என் மனைவி அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எங்க வீட்டுக்காரரு இந்த வயசுல ஒருவழியாக் கள்ளை விட்டுட்டாரு.”