மூக்கு ஒழுகினால் சளியா, மிளகாயா?

கேள்வி: சாமைச் சோறும் பச்சைமிளகாய்ச் சட்னியும் சாப்பிட உட்கார்ந்தால் போதும், என் வீட்டுக்காரருக்கு மூக்கு ஒழுகுகிறது. ஜவ்வாது மலைப் பனியில் பிடித்த சளி என்கிறார் மாமியார். எது சரி?
– ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர்

பதில்: மிளகாய்தான்! பனிக்குச் சாப்பாட்டு நேரம் தெரியாதே. முதல் சில கவளத்திலேயே மூக்கு ஒழுகி, கை கழுவிய கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிட்டால் அது காரத்தின் வேலை. வருவதும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். தொண்டை வலி, உடம்பு வலி, காய்ச்சல் இருக்காது. சளி பிடித்தால், தட்டை எடுத்து வைத்த பிறகும் விடாது. கிருமி தொற்றி ஓரிரு நாளில் தொண்டை கரகரப்பும் தும்மலுமாகத் தொடங்கும். பிறகு மூக்கடைக்கும், நீர் கெட்டிப்படும். ஒரு வாரம், பத்து நாள்கூட இழுக்கும்.

மிளகாயில் உள்ள கேப்சைசின், வாயிலும் மூக்கிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சுட்டுவிட்டதாக நினைக்கும் மூளை, கழுவித் தள்ளச் சொல்லி மூக்கின் சுரப்பிகளுக்கு உத்தரவு போடுகிறது. அந்த முனைகளில் கேப்சைசின் தட்டித் திறக்கும் நரம்பு வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். நரம்பின் உத்தரவுதான் காரணம் என்பதற்குச் சான்றும் உண்டு. காரம் சாப்பிட்டால் மூக்கு ஒழுகுவோருக்கு, அந்த உத்தரவைத் தடுக்கும் அட்ரோபினை முன்கூட்டியே மூக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், ஒழுகல் அடங்கியது. 1989-ல் வெளியான ஆய்வு இது. ஒவ்வாமை மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாததும் அதனால்தான்.

கேள்வி: அதே மாமியார் மிளகுக் கஷாயம் கொடுத்தார். மூக்கு இன்னும் கொட்டியது. 'பார், சளி இளகி வெளியே வருது' என்கிறார்!

பதில்: மாமியாரின் அன்பு சரி, கணக்குத்தான் தவறு. மிளகில் உள்ள பைப்பரினும் அதே நரம்பு வாயிலைத்தான் தட்டுகிறது. மூக்கில் புதிதாகச் சுரந்த நீர்தான் கொட்டியது. உண்மையாகவே சளி பிடித்தவருக்குச் சூடான மிளகு ரசம் இதம் தரும், மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ஆனால் கிருமியைக் கொல்லாது, சளி இழுக்கும் நாள்களையும் குறைக்காது.

கேள்வி: அப்படியானால் மிளகாயை நிறுத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு மிளகாயைக் குறைத்து, காம்போடு ஒட்டிய வெள்ளைத் தசையைச் சீவி எறியுங்கள். காரம் அதிகம் உள்ள இடம் அதுதான். நாக்கு எரிந்தால் தண்ணீரை விட மோர் கேட்கும். ஒழுகல் ரொம்பத் தொந்தரவாக இருந்தால் மருத்துவர் எழுதித் தரும் மூக்கு ஸ்ப்ரே உண்டு.

சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு எழுந்தாலோ, மூச்சு இளைத்தாலோ அது உணவு ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் அடிபட்ட பிறகு, குனியும்போதெல்லாம் ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டினாலும் தாமதிக்காதீர்கள். அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாகவும் இருக்கலாம்.