பனியன் கம்பெனியிடம் நாற்பத்தைந்து நாள் கடன் கேட்பது எப்படி?

முதலில் சனிக்கிழமை மதியம் வரும்வரை காத்திருங்கள். திருப்பூரில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம் போடுவார்கள். கட்டிங் மாஸ்டர், தையல்காரர், செக்கிங் பெண்கள் என்று எல்லோரும் கம்பெனி வாசலில் நிற்கும்போது, முதலாளி வங்கிக் கணக்கையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக அந்த நேரத்தில் உங்கள் வாட்ஸாப் போய்ச் சேர வேண்டும். ரோஜாப்பூ படத்தோடு "இனிய மதிய வணக்கம்" என்று ஆரம்பித்தால் இன்னும் விசேஷம்.

அடுத்து, வியாபாரம் டல் என்று எழுதுங்கள். மழை இல்லை, விளைச்சல் இல்லை, ஜனங்கள் கையில் காசு இல்லை, பக்கத்தில் பெரிய கடை வந்துவிட்டது. போன மாதம் மாமனாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்ததையும் விடாதீர்கள். கடைசி வரியில், "ஆகவே 90 நாள் டைம் தரவும், இனிமேல் எல்லாச் சரக்கும் உங்களிடம்தான்" என்று முடித்துவிடுங்கள்.

இதை அப்படியே செய்தால் பலன் உறுதி. முதலாளி படிப்பார், பரிதாபப்படுவார், பிறகு கணக்கரைக் கூப்பிட்டு, "அந்தக் கடைக்கு அடுத்த லோடு நிறுத்து" என்பார். அந்தக் கணக்கர் நான்தான். பதினோரு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினேன், வசூலுக்கும் போனேன். "டல்" என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் கண்ணுக்குக் கடைக்காரரின் துயரம் தெரியாது. ஷட்டர் இறங்கப் போகிறது என்பதுதான் தெரியும். கடன் கேட்கும் செய்தியில் கஷ்டத்தை எழுதுவது, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் வியாதியைப் பட்டியல் போடுவது மாதிரி.

சரி, இனி உருப்படியாக எழுத நினைக்கிறவர்களுக்கு. சங்கரன்கோவில் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். எங்களிடம் வரவு செலவு வைத்திருந்த பல அண்ணாச்சிகளைக் கலந்து செய்த ஆள் இவர். ஒரு தடவைக்கு 2 லட்சம் ரூபாய்க்கு உள்ளாடை எடுப்பார். வரி 5 சதவீதம் சேர்த்து பில் 2,10,000. ஏட்டில் இவருக்கு 30 நாள் கடன். தீபாவளிக்கு முன்னால் மூன்று பில் சேர்ந்தாற்போல் எடுப்பார். பொங்கல் முடிந்தால் ஆளைக் காணவே முடியாது.

செய்தி எழுதுவதற்கு முன்னால் அவர் செய்ய வேண்டியது, தன் லெட்ஜரை எடுத்துப் பில் தேதிக்கும் பணம் போன தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுவது. எண்ணினால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 30 நாள் கடனில் இருப்பதாக நினைக்கும் மனிதர் சராசரியாக 52 நாள் எடுத்துக்கொண்டிருப்பார். இதை மறைத்துவிட்டு "15 நாள் கூடுதலாகக் கொடுங்கள்" என்று கேட்டால், கம்பெனிக்காரர் 52-உடன் 15-ஐக் கூட்டி 67 என்று படிப்பார். அவர் டேலியில் பில்வாரியாகப் பாக்கி விரிந்து கிடக்கிறது. அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நீங்களே 52-ஐச் சொல்லிவிட்டு 45 கேட்டால், கூடுதல் கடன் கேட்ட ஆள் ஏழு நாள் விட்டுக்கொடுத்த ஆளாகிவிடுவார்.

ஏன் 45, ஏன் 60 கூடாது? கம்பெனி உத்யமில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிந்திருக்கும் உற்பத்தியாளராக இருந்தால், சட்டமே அங்கே கோடு போட்டிருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதியின்படி, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கி மார்ச் 31-இல் நின்றால், அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். பிப்ரவரி 5 பில்லுக்கு மார்ச் 22-இல் கெடு முடிகிறது. அதை ஏப்ரலுக்குத் தள்ளினால் அண்ணாச்சியின் லாபத்தில் அந்த 2 லட்சம் ஏறி உட்காரும், அதற்கு வருமான வரியும் கட்ட வேண்டும். 60 நாள் வாங்கிவிட்டேன் என்று கொண்டாடியவர்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கி விற்கும் மொத்த வியாபாரியிடம் எடுத்தால் இந்த விதி பொருந்தாது. ஆகவே எதிராளி தயாரிப்பவரா, வாங்கி விற்பவரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 45 கிடைத்தால் லெட்டர்பேடில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

இப்போது பதிலுக்கு என்ன கொடுப்பது என்பதற்கு வருவோம். "எல்லாச் சரக்கும் உங்களிடம்தான்" என்ற வாக்குறுதியை நான் வாரம் நாலு தடவை படித்திருக்கிறேன். அதற்கு எங்கள் ஆபீஸில் மதிப்பு கிடையாது. கொடுத்தவரே அடுத்த வாரம் வேறு பிராண்ட் பெட்டியோடு நிற்பார். கம்பெனிக்காரருக்கு வேண்டியது பாசமில்லை, தேதியும் எண்ணிக்கையும். நூல் மில்கள் பெரும்பாலும் மாத ஆரம்பத்தில் விலை சொல்லும். அதற்கு முன்னாலேயே அடுத்த மாதம் எத்தனை பெட்டி என்று தெரிந்தால், எவ்வளவு நூல் எடுப்பது, எத்தனை மெஷினை ஓட்டுவது என்று அவர் தீர்மானிக்கலாம். அதிலும் பொங்கலுக்குப் பிறகு மெஷின் சும்மா நிற்கும் மாதங்களில் வரும் ஆர்டர், புரட்டாசியில் வரும் ஆர்டரைவிட இனிக்கும்.

பில் தேதியையும் நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் கவனிக்காத இடம் இது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் கம்பெனி, நீங்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், நூலுக்குக் கட்டிய வரியைக் கழித்தது போக மிச்சத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஜூன் 28-இல் பில் போட்டால் வரி ஜூலை 20-இல் போய்விடும். உங்கள் 45-ஆவது நாளோ ஆகஸ்ட் 12. நடுவில் 23 நாள் உங்கள் வரியை அவர் சுமக்கிறார். அதே பில்லை ஜூலை 3-இல் போட்டால் உங்கள் பணம் ஆகஸ்ட் 17-இல் வரும், வரி ஆகஸ்ட் 20-இல் போகும். ஐந்து நாள் தள்ளிப் போட்டதற்கு யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. இதை ஒரு கடைக்காரர் எழுதிப் பார்த்தால் எந்த முதலாளியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை படிப்பார்.

சைஸையும் எழுதிவிடுங்கள். நீண்ட கடனில் எடுக்கும் கடைக்குத்தான் கிடங்கில் தூங்கும் 75-உம் 100-உம் போய்ச் சேரும். கடனில் வாங்குபவர் வாய் திறக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. பெட்டியை அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய பில்லைக் கட்டிய அன்றே செய்தியை அனுப்ப வேண்டும், கட்ட வேண்டிய அன்று அல்ல. செவ்வாய், புதன் நல்ல கிழமை. இப்படி இருக்கலாம்:

"அண்ணே, வணக்கம். மே 6 பில் 2,10,000 இன்றைக்கு அனுப்பிட்டேன், யூ.டி.ஆர். நம்பர் கீழே இருக்கு. இத்தோட பாக்கி இல்ல. லெட்ஜர் பார்த்தேன். ஏட்டுல 30 நாள், நான் எடுத்துக்கிட்டது சராசரி 52. தப்பு என் பேர்லதான். 45 நாளா மாத்திக் கொடுங்க, அந்தத் தேதி தவறாது. ஒவ்வொரு பில்லுக்கும் தேதி போட்ட செக் சரக்கு வந்த அன்னைக்கே அனுப்பிருவேன். ஜூலையிலிருந்து மார்ச் வரைக்கும் மாசம் 2 லட்சத்துக்கு எடுக்கிறேன்; தை, மாசியும் சேர்த்துத்தான். அடுத்த மாச ஆர்டர் 20-ம் தேதிக்குள்ள வந்துரும். பில்லை 1-லிருந்து 3-க்குள்ள போடுங்க, உங்க வரித் தேதிக்குள்ள என் பணம் வந்துரும். 100 பெட்டின்னா 80 சைஸ் 20, 85 முப்பது, 90 முப்பது, 95 இருபது. 75-உம் 100-உம் நான் கேட்டா மட்டும். தீபாவளிக்குக் கூடுதலா எடுக்கிறது ரொக்கம்."

மாமனார் இல்லை, மழை இல்லை, ரோஜாப்பூ இல்லை. சப்பென்று இருக்கிறதே என்று தோன்றும். செக்கைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: பணமில்லாமல் அது திரும்பினால் கிரிமினல் வழக்குவரை போகும், ஆகவே கொடுக்க முடியும் என்று தெரிந்த தேதியைப் போடுங்கள்.

இதற்கு உடனே "சரி" என்று பதில் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அடுத்த பில்லில் விலையைப் பாருங்கள். ஏட்டுக் கணக்கில் 15 நாள் கூடுகிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 2 லட்சத்துக்கு 1,000 ரூபாய். அந்த ஆயிரம் டஜன் விலையில் ஏறியிருந்தால், நீங்கள் வாங்கியது கடனே இல்லை.

விவரமான முதலாளி உடனே சரி சொல்ல மாட்டார். விரலை மடக்குவார். ஜூலை 3 பில் ஆகஸ்ட் 17-இல்தான் அடைகிறது. அடுத்த பில் ஆகஸ்ட் 3-இலேயே விழுகிறது. ஆகவே 14 நாளுக்கு இரண்டு பில், வரி நீங்கலாக 4 லட்சம், அண்ணாச்சி கையில் இருக்கும். 30 நாள் ஒழுங்காக நடந்திருந்தால் உச்சம் 2 லட்சம்தான். முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது நாள் அல்ல, இந்த உச்சம். எங்கள் முதலாளியாக இருந்தால் பதில் இப்படி வந்திருக்கும்:

"அண்ணாச்சி, 45 சரிங்க. ஆனா அடுத்த லோடு ஏத்தறதுக்கு முன்னால பழைய பில்லுல பாதி வந்துரோணும். மீதிய 45-ல குடுங்க."

அதாவது உச்சம் 3 லட்சத்தில் நிற்கும். அண்ணாச்சிக்குச் சராசரியாக 38 நாள் கிடைக்கும். கடனை நீட்டிக்கக் கேட்டவர், நடைமுறையில் எடுத்துக்கொண்டிருந்ததைவிட 14 நாள் குறைவாக வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறார். ஆனால் இது அவருடைய உரிமை நாள். என் மாதிரி ஆட்கள் கடைவாசலில் பையோடு வந்து நிற்க மாட்டார்கள். புரட்டாசியில் சரக்குத் தட்டும்போது ஏற்றும் பட்டியலில் பேரும் மேலே இருக்கும்.

கடைசியாக ஒன்று. பதிலாகக் கட்டைவிரல் படம் வந்தால் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்த்தேன் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. சரக்கு ஏறியதும் கம்பெனிக்காரர் பில்லையும் பார்சல் ஆபீஸ் எல்.ஆர். காப்பியையும் போட்டோ எடுத்து அனுப்புவார். பில் தேதி 3-க்குள் இருக்கிறதா, பெட்டியில் 75 ஏதும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் செக்கை எழுதுங்கள்.