அப்பத்தாவுக்கு ஓர் அட்டை

போன ஞாயிறு அரிமளத்திலிருந்து வந்த போன் இன்னும் காதிலேயே நிற்கிறது. கம்ப்யூட்டரில் என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறதாம். "அங்கிருந்தே சரிபண்ணிப்புடு அப்பு" என்றார் அப்பத்தா. இதற்காகத்தானே கொட்டை எழுத்தில் அச்சடித்து, லேமினேட் போட்டு, மேசைக்கு மேலே மாட்டிவிட்டு வந்தேன்?

நாலே வரி. Ctrl, Windows, Q மூன்றையும் சேர்த்து அழுத்தவும். திறக்கும் Quick Assist பெட்டியில் நான் சொல்லும் குறியீட்டை அடிக்கவும். Submit தட்டவும். Allow கேட்டால் அதையும் தட்டவும்.

இங்கேதான் போன் என்கிற வில்லன் வருகிறது. மூன்று விசையும் இடது ஓரத்தில்தான் இருக்கின்றன. இடது கை ஒன்றே போதும். ஆனால் அந்தக் கையில்தான் போன். வலது கைக்கு மாற்றலாமே என்றால் வலது காது மந்தம். தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கினால் போன் வெற்றிலைப் பெட்டிக்குள் விழுகிறது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாலோ, பக்கத்து வீட்டு அத்தையும் அவர் மருமகளும் வந்து ஆளுக்கொரு விசையைச் சிபாரிசு செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டர் இருக்கிற உள்ளறையில் டவர் அடிக்கடி போய்விடும். அப்போது திண்ணைக்கு வந்தால்தான் என் குரல் கேட்கும். அப்பத்தா திண்ணையில் குறியீட்டைக் கேட்டு, மனப்பாடம் பண்ணிக்கொண்டு, முற்றம் தாண்டி, முழங்காலைத் திட்டிக்கொண்டே உள்ளே போய், பாதியை மறந்து, மறுபடி திண்ணைக்கு வருவார். குறியீட்டுக்கு ஆயுள் 10 நிமிடம். வழியில் கீரைக்காரி வந்துவிட்டால் தீர்ந்தது கதை. அதனால் பெட்டி திறந்து, கையில் பேப்பரும் பென்சிலும் வந்தாச்சா என்று கேட்ட பிறகே நான் குறியீடு எடுக்கிறேன்.

ஒருவழியாக உள்ளே நுழைந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. எதையாவது நிறுவப் போனால் கம்ப்யூட்டர் அனுமதி கேட்கும். அந்த நேரம் என் திரை கறுத்துவிடும். Yes என்கிற பொத்தான் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ அப்போது திண்ணையில் இருப்பார்.

அட்டையின் பின்பக்கம் சிவப்பில் ஒரு வரி உண்டு: 'யார் கூப்பிட்டுச் சொன்னாலும் இதைச் செய்யாதே, நீ கூப்பிட்டால் மட்டும் செய்.' பேங்க், போலீஸ் என்று பேசி இதே வழியில் உள்ளே வந்து கணக்கைத் துடைத்துவிட்டுப் போகிற கும்பல்களுக்காக எழுதியது. ஏமாந்துவிட்டால் உடனே சொல்ல 1930 என்ற எண்ணும் கீழே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடுவில் லைன் அறுந்தது. நானே திருப்பிக் கூப்பிட்டேன்.

"யாரு கூப்பிட்டாலும் செய்யக் கூடாதுன்னு சிவப்புல போட்டிருக்குப்பு. நீ வையி, நான் கூப்பிடுறேன்."

போனில் காசில்லையாம். இன்னும் கூப்பிடவில்லை.