நன்றியுரைக்கு நான்தான் கிடைத்தேன்

வீட்டில் டி.வி. ரிமோட்டே என் கைக்கு வராது. அப்படிப்பட்ட என்னைத்தான் மகனின் பள்ளியில் நடந்த பிஜிஎம்ஐ போட்டிக்கு அமைப்பாளராகப் போட்டார்கள். சோறு தட்டில் ஆறினாலும் போனைக் கீழே வைக்காதவர் என்று யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள்; யாரென்று எனக்குத் தெரியும், அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மைக்கைப் பிடித்ததும் முதல் நன்றியை அணிகளுக்குச் சொன்னேன். கஸ்டம் ரூமில் ஏழாம் நம்பர் அணி ஏழாம் ஸ்லாட்டில்தான் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் ஒருவர் எடுத்த பாயின்ட் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். "கடைசி ஆட்டத்திலாவது அவரவர் இடத்தில் உட்கார்ந்தீர்களே, அதற்காக" என்றேன். கைதட்டல் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது.

அடுத்து ஸ்கோர் எழுதிய கணக்கு டீச்சர். சிக்கன் டின்னர் அடித்த பிள்ளையின் அப்பா, "ஜெயிச்சது நாங்க, கோப்பை அவங்களுக்கா?" என்று மேடைக்கே வந்துவிட்டார். முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6, அப்புறம் 5, 4 என்று இறங்கி எட்டாமிடத்தோடு முடியும். ஒவ்வொரு கில்லுக்கும் 1. அவர் மகன் அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்து 10, நாலு கில், ஆக 14. அடுத்த இரண்டிலும் பத்தாம் இடத்துக்குக் கீழே போய், ஆட்டத்துக்கொரு கில்லோடு 16இல் நின்றது. கோப்பை வாங்கிய அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மூன்றாவது, இரண்டாவது, நான்காவது என்று வந்ததில் 15, ஆட்டத்துக்கு மூன்று கில் வீதம் 9, மொத்தம் 24. டீச்சர் போர்டில் எழுதிக் காட்டியதும் அவர் உட்கார்ந்தார். நான் சொல்லியிருந்தால் நின்றுகொண்டுதான் இருந்திருப்பார். சிக்கன் டின்னர் என்றதை நம்பி வந்திருந்த என் மாமியார் மட்டும் கடைசிவரை கிச்சன் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தன்னார்வ மாணவர்களுக்குப் பெரிய நன்றி. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்தால் அழைப்பே வராது என்று நான் மைக்கில் அறிவித்திருந்தேன். வாட்ஸ்அப் அழைப்பு வைஃபை வழியாக ஜம்மென்று வந்தது. எதிரி பத்தடியில் நிற்கும்போது, ஒரு பையனுக்கு "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று அம்மா. அவன் எடுத்து "சாப்பிட்டேம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரி அவனைச் சாப்பிட்டுவிட்டான். அப்புறம் தன்னார்வலர்கள்தான் மேஜை மேஜையாகப் போய் எல்லாப் போனிலும் 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டார்கள்.

நிறைவாக, பாதிப் போன்களின் உயிரைக் காப்பாற்றிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைத் தந்த என் மனைவிக்கு நன்றி என்றேன். முன்வரிசையிலிருந்து பதில் வந்தது: "நாலு குடுத்தேன், மூணுதான் இருக்கு."

மைக்கை டீச்சரிடம் கொடுத்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தேன்.