‘நன்றி: கூகுள்’னு போட்டா கூகுள் வந்து மொய் எழுதுமா?

போனை இங்கன கொண்டா மருமவனே, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிக்கேன். “சார், உங்க கூந்தன்குளம் போட்டோ செம சூப்பர். எங்க விடுதிக்கு யூஸ் பண்ணிக்கலாமா? உங்க பேர் போட்டுடுவோம்.” கும்பிடுத பொம்மை ரெண்டு, பூங்கொத்து ஒண்ணு. இதுக்குப் படம் எடுத்தவரு ஒரு கட்டைவிரலத் தூக்கிக் காட்டினாரு. நீயும் கையெழுத்துப் போட்ட பத்திரம் வந்துட்டாப்ல அச்சாபீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்து நிக்க. சபாஷ். ஒன் ஆத்தா ஒன்ன எம்.பி.ஏ. படிக்க வச்ச காசு வீண் போகலல.

ஆனாலும் ஒன்னப் பாராட்டத்தான் செய்யணும், ஒரு வார்த்தை கேட்டிருக்கியே. எங்க அச்சாபீஸுக்கு வாரவனெல்லாம் படத்த இறக்கிட்டு வந்து, “அடியில நன்றி கூகுள்னு போட்ருங்க அண்ணாச்சி”ம்பான். என்னமோ கூகுள்தான் கூந்தன்குளத்துச் சேத்துல முழங்கால் வரைக்கும் இறங்கி நின்னு நாரைக்கு நேரா கேமராவப் பிடிச்ச மாதிரி. பேர் போடுதது வேற, அனுமதி வாங்குதது வேற மருமவனே. அனுமதி வாங்காம எடுத்தவரு பேரப் பெருசா அடிச்சா, எவன் வீட்டுல கை வச்சோம்னு நாமளே விலாசம் எழுதி ஒட்டுத கதைதான்.

சரி, இப்ப ஒன் சங்கதிக்கு வா. கூந்தன்குளம் போட்டோன்னு எழுதியிருக்கியே, எந்தப் போட்டோ? அந்த மனுசன் வருசா வருசம் வந்து கெடையா கெடக்காரு. வீட்டுக் கொல்லையில மரத்துல கூடு கட்டுத மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, குளிர்காலத்துல வாற வரித்தலை வாத்துன்னு நூத்துக்கணக்குல வச்சிருப்பாரு. அவரு கட்டைவிரலக் காட்டினது வாத்துக்கு, நீ அடிக்கப்போறது நாரைய. நாளைக்குக் கேட்டா ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்லுவீங்க. அதனால படத்தச் சின்னதா ஆக்கிக் கடுதாசியோடயே ஒட்டு, என்னைக்கு எங்க போட்டாருன்னும் எழுது.

அடுத்து, படம் அவரோடதுதானான்னு கேளு. கோவிச்சுக்கிட மாட்டாரு, தொழில் தெரிஞ்சவன் கேக்கானேன்னு சந்தோசந்தான் படுவாரு. நம்ம நாட்டு 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தவருதான் படத்துக்குச் சொந்தக்காரரு. எங்கயும் போயிப் பதிவு பண்ண வேண்டியதில்ல. ஆனா ஒருத்தன் காசு கொடுத்து “இத எனக்கு எடுத்துத் தா”ன்னு எடுக்கச் சொல்லியிருந்தா, வேற மாதிரி பேசிக்கிடாத வரைக்கும் காசு கொடுத்தவன்தான் முதல் சொந்தக்காரன். ஒந்தங்கச்சி கல்யாணத்துல ஸ்டுடியோக்காரன் எடுத்த படம் நம்மளது ஆகுதது அப்படித்தான். இந்த நாரையையும் வேற எவனாவது விடுதிக்காரன் கூலி கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா, நீ அனுமதி வாங்குத ஆளே தப்பு.

இப்பதான் பெரிய வேடிக்கை. யூஸ் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்கியே, எதுக்கு? நீ மனசுல என்னென்ன வச்சிருக்கன்னு எனக்குத் தெரியாதாக்கும். முதல்ல மூணு மடிப்பு நோட்டீஸு. பொறவு அதே படத்த வள்ளியூர் முக்குல ஃப்ளெக்ஸா கட்டுவ. பொறவு விடுதி வெப்சைட்டுல, ரூம் புக் பண்ணுத ஆப்புல, அறைச் சாவி தொங்குத அட்டையில, தீவாளிக்குக் காலண்டர்ல. ஒரு நாள் உழவுக்கு மாட்ட இரவல் கேட்டுட்டு, அத வண்டியில பூட்டி, சந்தைக்கு ஓட்டி, கடைசியில பந்தயத்துல விட்ட கதையா இருக்கு. அவரு உழவுக்குத்தானப்பா விட்டாரு.

ஒவ்வொரு உபயோகமும் தனித்தனி அனுமதி. நோட்டீஸ்னா நோட்டீஸ் மட்டுந்தான். எத்தனை பிரதி, எந்தப் பக்கத்துல, என்ன அளவுல, எத்தனை வருசம், எந்த ஊருக்குள்ளன்னு நீயா எழுதணும். நீ எழுதாம விட்டா சட்டமே எழுதிக்கிடும். கால அளவு சொல்லலைன்னா அஞ்சு வருசம், எல்லை சொல்லலைன்னா இந்தியா மட்டும்னு அதுல இருக்கு. “அஞ்சு வருசம் கெடைக்குதே, எழுதாமலே விட்டுருவோமா மாமா”ன்னு முழிக்க பாரு. அதுக்கும் முதல்ல எழுத்துல உரிமம் இருக்கணும்ல. பொம்மைக் கட்டைவிரல எடுத்துக்கிட்டுப் போயி எந்த ஜட்ஜு முன்னாடி நிப்ப? மின்னஞ்சல்ல தெளிவா கேட்டு, தெளிவா பதில் வாங்கி, அச்சடிச்சுக் கோப்புல வையி. 2012 திருத்தத்துல உரிமத்துக்குக் கையெழுத்து வேணுங்குத வார்த்தையத் தூக்கிட்டான், எழுத்துல இருக்கணுங்குத வார்த்தைய விட்டு வச்சிருக்கான்.

பிடிஎஃப்ப மறந்துராத. அச்சுல 2000தான் அடிச்சேன்னு நீ சொல்லுவ. ஆனா ஒன் டிடிபி பையன் அனுப்பின பிடிஎஃப்ப நீ சொந்தக்காரன் குரூப்புல போட, அவன் ஊர்க்காரன் குரூப்புல போட, நாரை கூந்தன்குளத்துலருந்து துபாய்க்கு டிக்கெட் இல்லாமப் போயிரும். பிடிஎஃப் அனுப்பலாமா கூடாதான்னு அவருகிட்ட முதல்லயே கேட்டுரு. அந்தப் பையன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையி. அச்சு முடிஞ்ச பொறவு படம் அவன் கம்ப்யூட்டர்ல கெடக்கும். அடுத்த மாசம் அதே நாரை ஒரு சிட்பண்டு நோட்டீஸ்ல நிக்கும், பாரேன். நிக்கத நான் பாத்திருக்கேன். அவரு பிடிக்கப்போறது படத்த வாங்கின ஒன்னத்தான்.

இப்ப அளவு. கேட்டுக்கோ, இத ஒன் எம்.பி.ஏ.ல சொல்லித் தந்திருக்க மாட்டான். ஏ4 தாள மூணா மடிச்சா முன்பக்கம் 99 மில்லிமீட்டர் அகலம், 210 உயரம். பனை மாதிரி நெட்டையா நிக்கும். அவரு படம் படுக்கை வாக்குல இருக்கு. உயரத்த முழுசா வச்சு நீ வெட்டினா, அகலத்துல மூணுல ஒரு பங்குதான் மிஞ்சும். நாரை நிக்கும், குஞ்சு போயிரும். இல்ல, குஞ்சு நிக்கும், நாரைக்கு மூக்கு போயிரும். மூக்கில்லாத மஞ்சள்மூக்கு நாரைக்குக் கீழ தன் பேரப் பாத்தா எந்த மனுசனுக்கு வயிறு எரியாது? படத்தச் சிதைச்சுத் தன் பேருக்குக் கேடு வரும்படி பண்ணினா தடுக்கதுக்கு எடுத்தவருக்கு உரிமை இருக்கு. அந்த 57ஆம் பிரிவு உரிமை, பதிப்புரிமைய வித்துட்டாலும் அவர விட்டுப் போகாது. அதனால எப்படி வெட்டப்போறன்னு மாதிரி போட்டுக் காட்டிரு. படத்து மேல எழுத்து ஏத்தப்போறியா, நிறத்த மாத்தப்போறியான்னும் சொல்லிரு.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின படம் நீளவாக்குல 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கியிருக்கும், உயரம் ஆயிரத்துச் சொச்சந்தான். வெட்டுக்கு விடுத ஓரத்தையும் சேத்தா ஒன் முன்பக்கத்துக்கு உயரத்துலயே 2550 புள்ளி வேணும். அதுல பாதி கூட இல்லாத படத்த அடிச்சா, நாரை பனிமூட்டத்துல நிக்கதா விளம்பரம் பண்ணவேண்டியதுதான். நம்மூர்ல பனிமூட்டமான்னு வாரவன் கேப்பான். அசல் கோப்பு வேணும்னு கடுதாசியில கேளு. அத அவரு தாரதே, அனுமதி கொடுத்த பொறவுதான்.

எழுதிக்கோ, சொல்லுதேன்.

“ஐயா, வணக்கம். பங்குனியில் தாங்கள் முகநூலில் இட்ட, கூந்தன்குளத்தில் கூட்டில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையும் குஞ்சுகளும் உள்ள படத்தை (சிறு பிரதி இணைத்துள்ளேன்) எங்கள் விடுதியின் மூன்று மடிப்பு அறிமுகத் தாளின் முன்பக்கத்தில் அச்சிட அனுமதி கேட்கிறேன். 2000 பிரதிகள், ஒரே பதிப்பு, இலவச விநியோகம். அச்சான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், இந்தியாவுக்குள் மட்டும். இணையதளம், சமூக ஊடகம், விளம்பரப் பலகை, பிடிஎஃப் பகிர்வு ஆகியவை இதில் சேரா. தேவைப்பட்டால் தனியே கேட்போம். படத்தின் உரிமை தங்களுடையதே. தாங்கள் அதைப் பிறருக்கும் தரலாம். படத்தை வெட்டும் விதத்தை மாதிரியில் காட்டியுள்ளேன். தங்கள் ஒப்புதலின்றி மாற்ற மாட்டோம். படத்தை ஒட்டியே ‘படம்:’ என்று தாங்கள் எழுதித்தரும் வடிவில் பெயர் அச்சாகும். படம் தங்கள் சொந்த உரிமையில் உள்ளதா என்பதையும், கட்டணத்தையும் தெரிவித்தால் அடுத்து ஆக வேண்டியதைச் செய்வோம். அனுமதி தந்த பின் அசல் கோப்பையும் அனுப்ப வேண்டுகிறேன்.”

என்னல, பேனா கட்டணத்துல வந்து நின்னுட்டு? பேர் போடுததே அவருக்கு விளம்பரந்தான மாமான்னு கேக்கப்போற. ஒன் விடுதிக்கு வாரவன் நாரையப் பாக்க வாரான், அவரத் தேடிப் போகமாட்டான். அவரு நாலாயிரம் கேட்டா, கையில இல்லைன்னா, ரெண்டு ராத்திரி ரூமும் ஒன் அம்மா மீன் குழம்பும் தாரேன்னு கேட்டுப் பாரு. ஒத்துக்கிட்டா அதையும் எழுத்துல போடு. சீசன்ல தருவியா, சித்திரை வெயில்லதான் தருவியான்னும் போடு. ஒன்ன எனக்குத் தெரியும்.

பேரு விசயத்துல ஒரு சில்லறைத்தனம் இருக்கு. அவரு பேரக் கடைசி மடிப்புல, ஜிஎஸ்டி நம்பருக்குக் கீழ, எறும்பு முட்டையளவு எழுத்துல ஒளிச்சு வைப்பானுவ. படத்துக்குப் பக்கத்துலயே ஏழு பாயிண்ட் எழுத்துல இருக்கட்டும். வெள்ளை நாரை மேல வெள்ளை எழுத்துல போட்டுராத. முதலெழுத்து முன்னாடி வருமா பின்னாடி வருமா, தமிழ்லயா இங்கிலீஷ்லயா, அவரு சொல்லுதபடி போடு. ப்ரூஃப அவருக்கு அனுப்பி, சரின்னு பதில் வந்த பொறவு பிளேட் போடச் சொல்லு. பிளேட் போட்டாச்சுன்னா பேருல ஒரு கால் விட்டுப் போனாலும் ஒன் காசுதான்.

அடிச்ச பொறவு அவருக்கு அஞ்சாறு பிரதி அனுப்பு, தபால் செலவ அவரு தலையில கட்டிராத. 2000 தீந்து இன்னொரு ஆயிரம் அடிக்கணும்னா மறுபடியும் கேளு. “கூட ஆயிரம் அடிச்சா அவருக்கு எப்படி மாமா தெரியும்?” கேட்டுட்ட பாத்தியா, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். எண்ணிக்கை அச்சாபீஸ் பில்லுல நிக்கும். அந்தப் பில்ல எழுதுதவன் என் மவன். கூட எழுதச் சொன்னாலும், குறைச்சு எழுதச் சொன்னாலும், முதல்ல எனக்குத்தான் போன் வரும்.