ஆச்சி எழுத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: நெல்லை ஆச்சியின் பழைய கடிதத்தைத் தட்டச்சு செய்கிறேன். ‘அவிய நேத்து வந்தாவ, கொளந்தய பாத்தாவ’ என்றெல்லாம் இருக்கிறது. திருத்திவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! ‘அவர்கள் வந்தார்கள்’ என்று திருத்தினால் வீட்டுக்கு ஒரு கூட்டமே வந்துவிடும். ஆச்சி சொன்னது தாத்தா ஒருவரை மட்டுமாகவும் இருக்கலாம். நெல்லைப் பேச்சில் ‘அவிய’ என்பது மரியாதைக்குரிய ஒருவருக்கும் வரும். ‘கொளந்த’யில் உள்ள ளகரம் ஆச்சியின் உச்சரிப்பு. இப்படி ஒரு எழுத்து மாற்றம் கடிதம் முழுக்க வந்தால் அது பேச்சு வழக்காக இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் மாறினால் கைப்பிழையாக இருக்கலாம். அதையும் திருத்தாமல், பக்கத்தில் சதுர அடைப்பில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்குப் புரியாத சொல்லுக்கு அடிக்குறிப்பில் பொருள் கொடுங்கள். மூலக் கடிதத்தின் படத்தையும் கூடவே சேர்த்து வையுங்கள்.