‘மீட்டிங்’ தனியாக வரலாமா?

கேள்வி: ‘ஐ ஹேவ் மீட்டிங்’, ‘வீ ஃபேஸ்டு ப்ராப்ளம்’ என்று எங்கள் கொரிய அதிகாரிக்கு மெயில் எழுதினால் என்ன குறை?
– வெல்டிங் ஷாப் எஞ்சினியர், இருங்காட்டுக்கோட்டை

பதில்: தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது; ‘மீட்டிங் இருக்கு’ என்றாலே போதும். கொரிய மொழியிலும் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆகவே உங்கள் கொரிய அதிகாரிக்கு உறுத்தாது. மெயில் வெள்ளைக்காரக் கஸ்டமருக்குப் போகும்போதுதான் வம்பு!

சொல்லுக்கு முன் ‘டூ’ போட்டுப் பாருங்கள். ‘டூ மீட்டிங்ஸ்’, ‘டூ ப்ராப்ளம்ஸ்’ சரியாக வருகிறதல்லவா? எண்ண முடிகிற சொல் ஒருமையில் தனியாக நிற்காது; ‘எ’, ‘தி’, ‘மை’ என்று ஏதாவது ஒரு துணை வேண்டும். முதலில் ‘வீ ஃபேஸ்டு எ ப்ராப்ளம் இன் தி வெல்டிங் லைன்’. அடுத்த வரியில் அதே கோளாறு ‘தி ப்ராப்ளம்’ ஆகிவிடும்.

‘எக்விப்மென்ட்’டுக்கு மட்டும் ‘அன்’ போட்டுவிடாதீர்கள். ஷாப் முழுக்க மெஷின் நின்றாலும் இங்கிலீஷில் ‘எக்விப்மென்ட்’டை எண்ண மாட்டார்கள்.